எந்த ஊர்த் தேதி?

டொரண்டோவில் குடியிருக்கும் என் தங்கை, தன் குழந்தைகளின் புகைப்படங்களை வாரத்தில் மூன்று நான்கு தினங்களாவது மின்னஞ்சலில் சேர்த்து அனுப்புவாள். அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, அந்தந்தத் தேதியிட்ட கோப்புறையில் போட்டுவைக்கும் காரியத்தைச் சென்ற ஆண்டுதான் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் எழுதிய ஒரு சிறு நிரலிடம் ஒப்படைத்தேன். மணிக்கு ஒரு முறை அது தானாகவே இயங்கி, ஜிமெயிலில் அவளுடைய முகவரியிலிருந்து வந்த கடிதங்களுள் இணைப்பு உள்ளவற்றைத் தேடிப் பிடித்து, படங்களை மட்டும் டிரைவில் சேர்த்துவிடும்.

கோப்புறைக்குப் பெயர் சூட்டுவது ஒரே ஒரு வரிதான். ஆனால் என் பிரயாசையில் பெரும்பகுதி அந்த வரியிலேயே கழிந்தது.

```
Utilities.formatDate(m.getDate(), "America/Toronto", "yyyy-MM-dd")
```

முதலில் நான் அங்கே "Asia/Kolkata" என்றே எழுதியிருந்தேன். டொரண்டோவில் டிசம்பர் 30ஆம் தேதி இரவு 8 மணிக்கு அவள் அனுப்பும் கடிதம், நம் கடிகாரப்படி 31ஆம் தேதி காலை 6.30 மணிக்கு வந்து சேர்வதால், அவர்கள் வீட்டு இரவு விருந்தின் படங்களெல்லாம் மறுநாள் கோப்புறைக்குள் போய்விட்டன. நினைவுக்குரிய தேதி படம் எடுத்த ஊரின் தேதியே என்பது என் அபிப்பிராயம்; ஆகையால் ஊரை மாற்றினேன். ஆண்டைக் குறிக்கும் yyyy சிறிய எழுத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் அவசியம். YYYY என்று பெரிய எழுத்தில் இட்டால், அந்த வாரம் எந்த ஆண்டைச் சேர்ந்ததோ அந்த ஆண்டையே அது தரும். 2024 டிசம்பர் 30ஆம் தேதிப் படம், ஜனவரி முதல் தேதியும் அதே வாரத்தில் விழுவதால், 2025-12-30 என்ற கோப்புறையில் போய் அமரும். வருஷம் முழுவதும் சரியாக நடந்து, கடைசி நாட்களில் மாத்திரம் தலைகாட்டும் பிழை இது. ஒரு வாரத்துப் படங்களை ஒரே நாளில் அனுப்பினால், கடிதத்தின் தேதி மட்டுமே கிடைக்குமென்பது இம்முறையின் எல்லை.

இதைவிடக் கவலை தந்தது, படங்கள் காணாமற்போன விஷயம். ஒரு முறை எடுத்த கடிதத்தை மறுபடி எடுக்காதிருக்க, "saved" என்ற லேபிளை நிரல் ஒட்டி, அது உள்ளவற்றைத் தேடலிலிருந்து விலக்கிவந்தது. ஆனால் அந்த லேபிள் தனிக் கடிதத்துக்கு அல்ல, பதிலும் மறுபதிலுமாக நீளும் உரையாடல் முழுவதற்குமே ஒட்டப்படுகிறது. அவள் பழைய கடிதத்துக்கே பதிலாகப் புதுப் படங்களை அனுப்பியபோது, நிரல் அவற்றைப் பார்க்காமலே கடந்துவிட்டது. பிழைச் செய்தி ஒன்றுமே வரவில்லை. இப்போது லேபிளை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கடிதத்துக்கும் உரிய தனி அடையாளத்தை m.getId() மூலம் பெற்று, ஒரு விரிதாளில் குறித்துவைக்கிறேன்.

இத்தகைய நிரலை வைத்திருப்பவர்கள், தங்கள் பெட்டியிலுள்ள மிக நீண்ட உரையாடல் ஒன்றைத் திறந்து, அதிலுள்ள படங்களையும் கோப்புறைகளில் சேர்ந்தவற்றையும் தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதுவரை மூலக் கடிதங்களை அழித்துவிடாதீர்கள்.