எந்தச் சராசரி?

"பட்டியல் சாதியினரிடம் சராசரியாக இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறதே, இன்னும் என்ன நிலவுரிமை முழக்கம்?" இப்படி விவாதங்களில் கேட்கிறார்கள். எண் பொய்யல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினரின் சராசரி நிலக் கைப்பற்று 0.78 ஹெக்டேர், அனைவருக்கும் சேர்த்து 1.08. ஆனால் எந்தச் சராசரி, யாருக்குச் சராசரி என்று அவர்கள் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

ஒரு சேரியில் பத்துக் குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேருக்கு நிலமே இல்லை. மூன்று பேருக்கு அரை ஏக்கர். ஒருவருக்கு ஆறரை ஏக்கர். மொத்தம் 8 ஏக்கர். அந்தக் கணக்கெடுப்பு சாகுபடிக் கைப்பற்றுகளை மட்டுமே எண்ணுகிறது; சொந்தமாகவோ குத்தகைக்கோ எதையும் பயிரிடாத கூலிக் குடும்பம் அதில் வராது. எனவே எட்டை நான்கால் வகுத்து "சராசரி 2 ஏக்கர்" என்பார்கள். அந்த நால்வரின் இடைநிலை அளவைக் கேட்டாலே அரை ஏக்கர்தான். பத்துக் குடும்பங்களையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரிடம் நிலம் இல்லை: இடைநிலை பூஜ்யம். அதிகம் பேரிடம் இருக்கும் அளவான முகடும் பூஜ்யமே. ஆறரை ஏக்கர்காரர் ஒருவரைக் காட்டி ஒன்பது குடும்பங்களை மறைப்பதற்கு வெறும் "சராசரி" என்ற சொல் போதுமானதாக இருக்கிறது.

சதவீதத்திலும் இதே வேலைதான். 2001-க்கும் 2011-க்கும் இடையில் பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு விகிதம் 54.7-லிருந்து 66.1 ஆனது. மொத்த மக்களுக்கு 64.8-லிருந்து 73.0. "அவர்கள் 21 சதவீதம் வளர்ந்தார்கள், நாடு 13 சதவீதம்தான்" என்று இதைச் சொல்ல முடியும். கணக்கு சரிதான், 11.4-ஐ 54.7-ஆல் வகுத்தால் அதுவே வரும். ஆனால் உண்மையில் கூடியது 11.4 சதவீதப் புள்ளிகள், மொத்தத்துக்கு 8.2. தொடங்கிய இடம் தாழ்வாக இருந்ததால்தான் வளர்ச்சி சதவீதம் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. படிக்க விடாமல் வைத்ததே இப்போது சாதனைக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது!

நம் தோழர்களும் "21 சதவீதம் கூடியது" என்று பெருமையாகப் பகிர்கிறார்கள். அவர்கள் ஒருமுறை எழுத்தறியாதோர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பட்டியல் சாதியினரில் 45.3 சதவீதம் 33.9 ஆகக் குறைந்தது: 25 சதவீதச் சரிவு. மொத்த மக்களில் 35.2 சதவீதம் 27.0 ஆனது: 23 சதவீதச் சரிவு. இருபத்தொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இங்கே ஏறக்குறைய காணாமல் போகிறது. புள்ளிகளோ எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே 11.4-ம் 8.2-ம்தான். இடைவெளி 10-லிருந்து சுமார் 7 புள்ளிகளாகச் சுருங்கியது. அந்த "மொத்த"த்துக்குள் பட்டியல் சாதியினரும் அடக்கம். அவர்களைப் பிரித்துவிட்டு மற்றவர்களோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் கூடும்.