சுவரில் சிவக்கும் எண் யாரைக் குற்றஞ்சாட்டுகிறது?

குருகிராமிலோ பெங்களூரிலோ ஓர் அழைப்பு மையத்தின் தளத்திற்குள் நுழைவோரின் கண்ணில் முதலில் படுவது சுவரில் தொங்கும் பெருந்திரை. வால்போர்டு என்பது அதன் பெயர். இந்நொடியில் வரிசையில் காத்திருக்கும் அழைப்புகள் எத்தனை, அவற்றுள் மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு என்பதை அது தளத்திலுள்ள அனைவருக்கும் ஓயாமல் காட்டுகிறது. வரம்பைத் தாண்டினால் எண் சிவப்பாகிறது. இதனை வெளிப்படைத்தன்மை என்று மேலாண்மைப் பாடநூல் மொழியில் போற்றுகின்றனர். பொறுப்பை அது சேரவேண்டிய இடத்திலிருந்து பெயர்த்து வேறொருவர் தலையில் வைக்கும் கருவி என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

வரிசை எதனால் நீள்கிறது? கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் எர்லாங் 1917இலேயே இதற்கு விடை தந்துவிட்டார். ஓர் எளிய கணக்கைக் கொள்வோம். மணிக்கு 240 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் முடிக்கச் சராசரியாக 5 நிமிடம் ஆகிறது. அதாவது 20 பேர் இடைவிடாது செய்தால் தீரும் அளவுக்கு வேலை. பணியில் 24 பேர் இருந்தால், அழைப்பவர் எவரும் இடையில் துண்டிப்பதில்லை என்று கொள்ளும்போது, சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ 22 விநாடி. மூவர் குறைந்து 21 பேரானால் அது 228 விநாடி! பேசுவோரின் உழைப்பிலும் திறமையிலும் எள்ளளவும் மாற்றமில்லை. காத்திருப்பு மட்டும் பத்து மடங்காகிவிட்டது. மாறியது ஷிஃப்ட் பட்டியல். அதனை எழுதியவர் வேறோர் அறையில் அமர்ந்திருக்கிறார். சிவப்பு எண்ணோ பட்டியலில் கைவைக்க இயலாதவர்களின் தலைக்குமேல் எரிகிறது.

அந்த எண்ணைக் குறைக்கப் பணியாளரின் கையில் இருப்பவை இரண்டே. பேச்சைச் சுருக்கலாம், அழைப்பு முடிந்தபின் குறிப்பெழுதும் நேரத்தைக் கைவிடலாம். திரை சிவக்கும்போது இவ்விரண்டும் நிகழ்கின்றன. முழுதாகக் கேட்காமலே அழைப்பு வேறு பிரிவுக்குத் தள்ளப்படுகிறது; சரிபார்க்காமலே ‘நாளைக்குள் சரியாகிவிடும்’ என்ற உறுதி தரப்படுகிறது. குறிப்பு எழுதப்படாததால், மீண்டும் அழைக்கும் வாடிக்கையாளர் முதலிலிருந்து கதை சொல்ல நேர்கிறது.

இதனால் வரிசையாவது குறைகிறதா? அதே கணக்கைத் தொடர்வோம். அந்த 240 அழைப்புகளில் 200 புதியவை. எஞ்சிய 40, தீராத சிக்கலுக்காக மீண்டும் வந்தவை. ஆறில் ஒன்று மறு அழைப்பு என்பது இதன் பொருள். இப்போது அவசரத்தால் ஓர் அழைப்புக்கு அரை நிமிடம் மிச்சமாகிறது; ஆனால் மறு அழைப்புகள் நான்கில் ஒன்றாகின்றன. மொத்தம் ஏறத்தாழ 267 அழைப்புகள். ஒவ்வொன்றுக்கும் நாலரை நிமிடம். பெருக்கிப் பாருங்கள்: அதே 20 பேருக்கான வேலைதான். மறு அழைப்பு மூன்றில் ஒன்றானால் 300 அழைப்புகள், இருபத்திரண்டரைப் பேருக்கான வேலை. ஓடியவர்கள் தங்கள் ஓட்டத்தாலேயே வரிசையை நீட்டியிருப்பார்கள். திரையோ இதனைக் காட்டாது. இன்று காலை அரைகுறையாக முடித்த அழைப்பு நாளை மறுநாள் புதிய எண்ணாக வந்து நிற்கும்.

இது நிகழ்கிறதா என்று கண்டறிவது கடினமன்று. திரை சிவந்திருந்த அரைமணி நேரங்களையும் பச்சையாயிருந்தவற்றையும் தனித்தனியே பிரித்து, அவற்றில் பேசியோருள் எத்தனை பேர் ஏழு நாளுக்குள் மீண்டும் அழைத்தனர் என்று ஒப்பிட்டால் போதும். ஒரே வகைச் சிக்கல்களை ஒப்பிடவேண்டும் என்பது ஒன்றே கவனிக்கத்தக்கது. இதற்கான தரவு முழுவதும் நிறுவனங்களின் கணினியிலேயே கிடக்கிறது.

டொயோட்டா தொழிற்சாலையின் ஆண்டோன் பலகையை எடுத்துக்காட்டி இதனை நியாயப்படுத்துவோர் உண்டு. அங்குக் குறை கண்ட தொழிலாளியே கயிற்றை இழுத்து விளக்கை எரியவைக்கிறார். உதவி அவரைத் தேடி வருகிறது. குறை தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கிறது. அழைப்பு மையத்தின் பணியாளருக்கு இழுப்பதற்கு எந்தக் கயிறும் இல்லை. ஆண்டோன் தொழிலாளி மேலாளருக்கு விடுக்கும் அழைப்பு. வால்போர்டு மேலாளர் தொழிலாளிக்கு விடுக்கும் மிரட்டல். இரண்டும் சுவரில் தொங்குகின்றன என்பதைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

தம் வேலையைத் தாமே பகிர்ந்துகொள்ளும் உரிமையுள்ள சிறு குழுவுக்கு வரிசையின் அளவு பயன்படும் என்பதை மறுக்கவில்லை. அறிந்த செய்தியைக் கொண்டு அங்கு ஏதேனும் செய்யமுடியும். செய்ய இயலாதவர்முன் அதே செய்தி அச்சமாக மட்டுமே எஞ்சும்.

எனவே அத்திரையை ஷிஃப்ட் பட்டியல் தயாரிப்போரின் அறைக்கு மாற்றுங்கள். தளத்தில் ஏதேனும் காட்டியே தீரவேண்டுமெனில், முதல் அழைப்பிலேயே தீர்ந்த சிக்கல்களின் விகிதத்தைக் காட்டுங்கள். உற்பத்தித்திறனை ஆராயும் நம் துறையினரும் ‘சராசரிப் பேச்சு நேரம் குறைந்தது’ என்பதை வெற்றியாகப் பதிவதற்குமுன், அப்பேச்சுகளில் எத்தனை உண்மையில் முடிந்தன என்று கேட்டாகவேண்டும்.