மறு இல்லாத முகம்: போலிப் படம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள்

கடந்த ஆண்டு ஓர் அம்மா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "பிள்ளை, இது என்ர மகன்தானோ எண்டு வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார். 2009 மே மாதம் வட்டுவாகலில் வைத்துப் பிரிந்த மகன். வட்ஸ்அப்பில் வந்திருந்த படத்தில் நரை விழுந்த தாடியோடு ஒருவர், ஒரு முற்றத்தில் தேநீர்க் கோப்பையுடன் நின்றார். மகன் ஒரு முகாமில் உயிரோடு இருப்பதாகவும், கதைப்பதற்கு 75 ஆயிரம் ரூபாய் அனுப்ப வேண்டும் என்றும் படத்தை அனுப்பியவர் சொல்லியிருந்தார்.

அம்மாவின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன். அந்த ஒரு படத்தை எப்படிப் பார்த்தோம் என்பதைச் சொல்வதே நோக்கம். ஏனென்றால் இதே மாதிரியான படம் நாளை இன்னொரு வீட்டுக்கும் வரலாம்.

முதலில் கையைப் பார்த்தோம். கணினி உருவாக்கும் படங்களில் ஆறு விரல் இருக்கும் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில வருடங்களுக்கு முன்னர் அது நல்ல அடையாளமாகத்தான் இருந்தது. இப்போதைய செயலிகள் பெரும்பாலும் ஐந்து விரல்களைச் சரியாகவே வரைகின்றன. ஆகவே விரலை எண்ணுவதைவிட, கை ஒரு பொருளைத் தொடும் இடத்தைப் பார்ப்பது பயன்தரும். இந்தப் படத்திலும் ஐந்து விரல்கள் இருந்தன. ஆனால் கோப்பையின் பிடிக்குள் நுழைந்த விரல் மறுபக்கம் வெளியே வரவில்லை. பிடியும் விரலும் ஒன்றாகக் கலந்திருந்தன.

இது சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. கை அசைந்திருந்தால் உண்மையான படத்திலும் விரல்கள் கலங்கித் தெரியும்.

அடுத்தது தோல். நாற்பதை நெருங்கும் ஒருவரின் முகம், நரைத்த தாடி, ஆனால் கன்னம் மெழுகு பூசியதுபோல வழவழப்பாக இருந்தது. இதிலும் அவசரப்படக் கூடாது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. அதில் தோலின் நுண்மை அழிந்துபோகும். சில தொலைபேசிகளின் கமராவே முகத்தை மெருகூட்டிவிடும். அதனால் ஓர் ஒப்பீடு செய்தோம். சுருக்கியதால் வந்த வழவழப்பு என்றால் அது படம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்க வேண்டும். இங்கே சட்டைத் துணியின் இழைகளும் பின்னாலிருந்த சுவரின் சொரசொரப்பும் தெளிவாகத் தெரிந்தன. முகத்தில் மட்டுமே எதுவும் இல்லை.

மூன்றாவது நிழல். எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான். வெயிலில் எடுத்த படத்தில் நிழல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக விழ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அப்படி நினைத்து உண்மையான படத்தைப் பொய் என்று சொன்னவர்களும் உண்டு. சரியான வழி வேறு. படத்தை அச்செடுத்துப் பெரிய தாளில் ஒட்டுங்கள். ஒரு கம்பத்தின் நிழலின் நுனியிலிருந்து அந்தக் கம்பத்தின் நுனி வழியாக அடிமட்டத்தால் நேர்கோடு இழுங்கள். இன்னொரு பொருளுக்கும் அதையே செய்யுங்கள். வெளிச்சம் ஒரே சூரியனிடமிருந்து வந்தால் அந்தக் கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும்.

வேலிக் கம்பத்துக்கும் தண்ணீர் வாளிக்கும் இழுத்த கோடுகள் படத்துக்கு வெளியே, இடப்பக்கம் மேலே சந்தித்தன. அதாவது சூரியன் அந்த மனிதருக்குப் பின்னால் இருந்தது. அப்படியானால் கமராவைப் பார்த்து நிற்கும் அவருடைய முகம் நிழலில் இருந்திருக்க வேண்டும். ஆனால் முகத்தின் வலப்பக்கம் பளிச்சென்றிருந்தது. மூக்கின் நிழல் இடப்பக்கக் கன்னத்தில் தெளிவான விளிம்போடு விழுந்திருந்தது. எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் அதிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் முகத்துக்கு வரலாம். ஆனால் அந்த மங்கல் வெளிச்சத்தில் இவ்வளவு கூர்மையான நிழல் விழாது. அந்த முகம் வேறொரு விளக்கின் முன்னால் எடுக்கப்பட்டது.

எந்த விளக்கு? அம்மாவின் கையிலேயே பதில் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டங்களில் அவர் தூக்கிப் பிடித்த படம் அது. மகன் உயர்தரம் படித்த காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்தது. அதிலும் வெளிச்சம் வலப்பக்கமிருந்து விழுந்திருந்தது. அதே மூக்கு நிழல், தலையில் அதே சாய்வு. இரண்டையும் ஒரே அளவாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது கண்ணும் மூக்கும் வாயும் பொருந்தின. பதினைந்து வருடங்களுக்கு மேற்பட்ட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் இப்படிப் பொருந்துவது நடக்காத காரியம்.

கடைசி அடையாளத்தை அம்மாதான் கண்டார். மகனுக்கு இடது புருவத்துக்கு மேலே ஒரு மறு இருந்தது. ஸ்டூடியோக்காரர் படத்தைத் திருத்தும்போது அதை அழித்துவிட்டார். வட்ஸ்அப் படத்திலும் அந்த மறு இல்லை. முதுமை வந்திருந்தது, நரை வந்திருந்தது, மறு மட்டும் திரும்பி வரவில்லை. போராட்டத்தில் பிடித்த படம் எத்தனையோ ஊடகங்களில் வெளிவந்தது. யாரோ அதை எடுத்து வயதேற்றி, வேறொரு உடம்பில் பொருத்தியிருக்கிறார்கள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதை வச்சு ஒண்டும் சொல்லேலாது, என்ன?" என்று கேட்டார். ஆம். படம் பொய் என்பதால் மகனைப் பற்றி எதுவும் தெரிந்துவிடவில்லை. அவருடைய கேள்வி அரசிடம் அப்படியே இருக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எங்களுடைய உண்மையான ஆதாரங்களையும் பொய் என்று தள்ள இதே பேச்சுப் பயன்படும். கட்டப்பட்ட கைதிகள் சுட்டுக்கொல்லப்படும் காணொளியை 2009 ஓகஸ்டில் சனல் 4 ஒளிபரப்பியபோது, இலங்கை அரசு அதைப் போலி என்றது. ஐ.நா. விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் தடயவியல் மருத்துவம், துப்பாக்கிகள், காணொளி ஆகிய மூன்று துறைகளின் நிபுணர்களைக் கொண்டு அதை ஆராய்ந்தார். 2010 ஜனவரியில் அது உண்மையானதாகவே தெரிகிறது என்று அறிவித்தார். கோப்பில் 2009 யூலை 17 என்ற திகதி இருந்தது உட்பட, நிபுணர்களால் விளக்க முடியாத சில அம்சங்களும் அதில் இருந்தன. அவர் அவற்றை மறைக்கவில்லை. அவை எல்லாம் காணொளி உண்மை என்ற முடிவோடு ஒத்துப்போகக்கூடியவையே என்றார்.

ஒரு விரலை வைத்துப் படம் பொய் என்று தீர்ப்பது எவ்வளவு தவறோ, ஒரு குறையும் தெரியவில்லை என்பதற்காக அது உண்மை என்று நம்புவதும் அவ்வளவு தவறு. நல்ல போலியில் கையும் நிழலும் சரியாகவே இருக்கலாம்.

ஆகவே இப்படியொரு படம் வந்தால் முதலில் காசு அனுப்பாதீர்கள். வந்த செய்தியை அழிக்காமல், அனுப்பியவரின் இலக்கத்தோடு வைத்திருங்கள். படத்தைச் சுருக்காமல், 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படமும் கேளுங்கள். அந்த அம்மா கேட்டார். இன்னொரு படம் வரவில்லை, அந்த இலக்கமும் பிறகு வேலை செய்யவில்லை.

உங்களிடம் உள்ள பழைய படங்களில் ஸ்டூடியோ திருத்தாத ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். மறு, தழும்பு, காதின் வடிவம், பல்லின் இடைவெளி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், இணையத்திலும் போடாதீர்கள். போலிப் படம் செய்பவருக்குத் தெரியாமல் வீட்டாருக்கு மட்டும் தெரிந்திருப்பது அதுதான்.