பதவிப் பெயரைப் பார்த்துக் குறியிடாதீர்கள்

அமெரிக்க நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள் ஒவ்வொரு ஊழியரையும் ‘எக்ஸெம்ப்ட்’, ‘நான்-எக்ஸெம்ப்ட்’ என்ற இரண்டில் ஒன்றில் சேர்த்தாக வேண்டும். முதல் வகையில் போட்டுவிட்டால், அவர் வாரத்துக்கு 60 மணி நேரம் உழைத்தாலும் ஓவர்டைம் கிடையாது. பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ இருக்கிறது என்பதற்காகவே பலரை அதில் தள்ளிவிடுகிறார்கள். சட்டம் பதவிப் பெயரைப் பொருட்படுத்துவதே இல்லை.

1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தர நிர்ணயச் சட்டப்படி, வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டிய உழைப்புக்கு ஒன்றரை மடங்கு கூலி. நிர்வாகிக்கு விலக்கு உண்டு. ஆனால் வேலை கூடினாலும் குறைந்தாலும் மாறாத சம்பளம் அவருக்கு இருக்க வேண்டும், அது வாரத்துக்கு 684 டாலருக்குக் குறையக் கூடாது. (2024இல் உயர்த்திய வரம்பை டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்துவிட்டது. சில மாநிலங்களின் வரம்பு இதைவிட அதிகம்.) இவை இரண்டும் காகிதத்திலேயே தெரிந்துவிடும். வழக்குகள் பிறப்பது மூன்றாவதில்தான்: நிர்வாகம் அவருடைய முதன்மைப் பணியா, முழுநேர ஊழியர் இருவரையாவது நடத்துகிறாரா, ஆளெடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல் எடுபடுகிறதா?

ஃபேமிலி டாலர் கடைகளின் வழக்கைப் பாருங்கள். அந்நிறுவனம் தன் கடை மேலாளர்கள் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக விலக்கில் வைத்திருந்தது. யார் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்று விசாரிக்கவில்லை. அவர்களோ நேரத்தில் பெரும்பகுதியை லாரிச் சரக்கு இறக்குவதிலும், அலமாரி அடுக்குவதிலும், கல்லாவில் நிற்பதிலும், தரை துடைப்பதிலும் கழித்தார்கள். முக்கிய முடிவுகள் மாவட்ட மேலாளர் கையில். 2008இல் 11ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1,424 மேலாளர்களுக்குச் சாதகமான தீர்ப்பை உறுதிசெய்தது. தொகை சுமார் 3.5 கோடி டாலர்.

மூன்றே ஆண்டுகளில், 2011இல், அதே நிறுவனத்தின் இன்னொரு கடை மேலாளர் 4ஆம் வட்டத்தில் தோற்றார். அவரும் கல்லாவில் நின்றவர்தான். ஆனால் நிற்கும்போதே கடையை நடத்தியவரும் அவரே என்றும், கடையின் லாபத்தையொட்டி அவருக்கு போனஸ் வந்தது என்றும் நீதிமன்றம் கண்டது. ஆகவே கைவேலைக்குப் போன நேரத்தைக் கணக்கிட்டு மட்டும் முடிவுக்கு வர முடியாது. அந்த நேரத்திலும் பொறுப்பும் முடிவும் யாரிடம் இருந்தன என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நான் முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வது ஒரு சின்னக் கணக்கு. வாரம் 700 டாலர் வாங்கும் மேலாளர் 60 மணி நேரம் உழைத்தால் மணிக்கு 11.67 டாலர். அவருக்குக் கீழே 13 டாலர் கூலிக்கு இருக்கும் உதவியாளர் அதே 60 மணி நேரத்துக்கு 520, அதன்மேல் ஓவர்டைம் 390, ஆக 910 டாலர் வாங்குவார். இப்படித் தலைகீழாக இருந்தால் அந்த வகைப்பாட்டின் மீது சந்தேகம் கொள்ளுங்கள். நிர்வாகம்தான் முதன்மைப் பணியா என்று அறிய நீதிமன்றங்களும் இந்த ஒப்பீட்டைச் செய்கின்றன. பிறகு பணி விவரக் குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு அந்த மேலாளரிடமே பேசுங்கள்: பணி அட்டவணை யார் போடுவது, கடைசியாக ஒருவரை வேலைக்கு எடுத்தபோது யார் முடிவு செய்தது, ஆட்களின் மணிநேர பட்ஜெட்டை அவரால் மாற்ற முடியுமா?

பதில்கள் சாதகமாக இல்லையென்றால் உடனே ஓவர்டைம் வகைக்கு மாற்றி, பழைய பாக்கியைக் கணக்கிடுங்கள். வழக்கு வந்தால் இரண்டு ஆண்டு பாக்கி. தெரிந்தே செய்த மீறல் என்றால் மூன்று ஆண்டு. அத்துடன் அதே அளவு தொகை இழப்பீடாகவும் சேரலாம்.