சத்தம் கூட்டினால் அணையும் ஸ்பீக்கர்

பள்ளியின் காலை வழிபாட்டுக்கும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கும் மகளிர் குழுவுக்கும் இன்று ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறது. பொதுப் பணத்தில் வாங்கியது. எடுத்துப்போக எல்லாரும் உண்டு. சார்ஜ் போடத்தான் ஆள் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு புகார் வருகிறது: மெதுவாக வைத்தால் வெகுநேரம் பாடுகிறது, சத்தத்தைக் கூட்டியதும் பொட்டென்று அணைந்துவிடுகிறது. மறுபடி போட்டால் சார்ஜ் பாதி இருப்பதாகக் காட்டுகிறது. "போர்டு போயிருக்கும்" என்று யாரோ சொல்ல, புதியது வாங்க வசூல் தொடங்கிவிடுகிறது.

பெரும்பாலும் போர்டு நன்றாகவே இருக்கும். மூப்படைந்தது உள்ளே இருக்கும் லித்தியம் செல். செல்லுக்குள் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஓர் உள்தடை உண்டு. வயதாக ஆக அது ஏறுகிறது. மேல்தொட்டியில் தண்ணீர் பாதி நின்றாலும், துருவேறிய குழாயில் ஒரு குடம் பிடிக்கலாம், நாலு குழாயைச் சேர்ந்தாற்போல் திறக்க முடியாது. அதே கதைதான்.

10 வாட் ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சத்தத்தில் மேளம் விழும் நொடியில் அதன் சர்க்யூட் செல்லிடம் சுமார் 12 வாட் கேட்கும். 3.7 வோல்ட் செல் என்றால் 3 ஆம்பியருக்கு மேல். உள்தடை 0.05 ஓம் உள்ள புதிய செல், இந்தச் சுமையில் 3.5 வோல்ட் அளவில் தாக்குப்பிடிக்கும். தடை 0.25 ஓமாக ஏறிய பழைய செல்லில் வோல்ட் சரியும். சரிந்த வோல்ட்டை ஈடுகட்ட சர்க்யூட் இன்னும் அதிக ஆம்பியரை இழுக்கும், அதனால் மேலும் சரியும். பல ஸ்பீக்கர்களில் 3 வோல்ட்டை ஒட்டி வைத்திருக்கும் பாதுகாப்பு எல்லை வந்ததும் எல்லாம் அணைந்துவிடும். சுமை போனதும் வோல்ட் பழைய நிலைக்கு ஏறுவதால்தான் 'பாதி சார்ஜ்' என்று காட்டுகிறது. 1 வாட் அளவில் பேச்சு மட்டும் ஒலிக்கும்போது சரிவு 0.1 வோல்ட்டைக்கூட எட்டாது. சத்தம் 3 டெசிபல் கூடினாலே மின்தேவை இரட்டிப்பாகும் என்பதால், பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்துவதற்குள் நிலைமை தலைகீழாகிறது.

சார்ஜரைச் சொருகிக்கொண்டே பாடவிட்டால் போதாதா? 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜர் தருவது 5 வாட். மீதியைச் செல்தான் தர வேண்டும். சொருகியிருந்தும் சார்ஜ் இறங்கலாம். கேபிள் மெலிந்ததாக இருந்தால் வழியிலேயே அரை வோல்ட் வரை தொலையும். பழைய போன் சார்ஜரையும் கடையில் கிடைத்த கேபிளையும் ஸ்பீக்கரோடு சேர்த்துப் பையில் போட்டுவைக்கும் பழக்கத்துக்கு இங்கே விலை கொடுக்கிறோம்.

செல்லா வேறு கோளாறா என்று அறிய மீட்டர்கூட வேண்டாம். நல்ல கேபிளில், 2 ஆம்பியர் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். அப்போது சத்தமாகப் பாடி, கொஞ்சம் இறங்கியதும் மேள அடிக்குச் சரியாக அணைந்தால் செல் தளர்ந்துவிட்டது. பத்து நிமிடம் பாடிச் சூடேறிய பிறகே அணைந்தால் ஆம்ப்ளிஃபையரைப் பாருங்கள். மெல்லத் தட்டினாலே அணைந்தால் ஒயர் விட்டிருக்கிறது.

செல் மாற்றுவது சிறிய வேலைதான். அங்கேதான் விற்பவரின் பொறுப்பு வருகிறது. இத்தகைய ஸ்பீக்கர்களில் பரவலாக இருக்கும் 18650 அளவுச் செல்லின் நிஜக் கொள்ளளவு 3,500 எம்ஏஎச் அளவோடு நிற்கும். 9,900 என்று அச்சிட்டுச் சந்தையில் கிடப்பது பச்சைப் பொய். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். கையில் தூக்கினாலே போலியின் லேசு தெரிந்துவிடும். லேப்டாப்பிலிருந்து உருவிய கிழட்டுச் செல்லுக்குப் புது உறை மாட்டிக் கொடுக்கும் மெக்கானிக், வாடிக்கையாளரை இதே கோளாறுக்கே திருப்பி அனுப்புகிறார். கூட்டை ஒட்டி மூடி, திறந்தால் உடையும்படி செய்யும் நிறுவனங்களின் பங்கும் குறைவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல், சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. இங்கே வாங்கும்போதே "செல் மாற்ற முடியுமா?" என்று சங்கங்கள் கேட்கத் தொடங்கலாம்.

பயன்படுத்துவோர் பங்கு எளிது. அடியோடு இறங்கிய ஸ்பீக்கரைக் கோடை விடுமுறை முழுதும் பீரோவில் பூட்டிவைப்பது செல்லைக் கொல்லும்; பாதி ஏற்றி வைக்க வேண்டும். எடுத்துப் போனவர் ஏற்றித் திருப்பித் தர வேண்டும் என்று பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மீதி, கழற்றிய செல். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. பிற குப்பையிலிருந்து பிரித்துத் தரும் கடமை நமக்கு. குப்பை லாரியில் நசுங்கும் லித்தியம் செல் தீப்பிடிக்கும். ஆகவே இரு முனையிலும் டேப் ஒட்டித் தனியே வைக்க வேண்டும். அப்படி வைத்ததை வாங்கிக்கொள்ள வார்டுக்கு ஓர் இடமாவது வேண்டும். பழுது பார்க்கும் கடைகளிலேயே பெட்டி வைத்து, மாதம் ஒருமுறை உள்ளாட்சி அமைப்பு எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தால், அதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை.