மூன்றும் ஒன்றல்ல

“மூண்டும் O(n²) தானே, அதுக்குள்ள என்ன பெரிய வித்தியாசம்?”

கலைப்பீடத்தில் கணினியையும் ஒரு பாடமாக எடுத்த எங்களில் கனபேர் இந்த ஒரு வசனத்தை வைத்தே பரீட்சையைத் தாண்டினோம். நானும்தான். குமிழி (பபிள்), தெரிவு (செலெக்ஷன்), செருகல் (இன்சேர்ஷன்) என்ற மூன்று வரிசையாக்க முறைகளையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிற வசனம் அது. O(n²) என்பது ஆக மோசமான நிலையில் வேலை எப்படிப் பெருகும் என்று மட்டுந்தான் சொல்லும். உங்கள் மேசையில் இருக்கிற கட்டுக்கு என்ன நடக்கும் என்று அது சொல்லாது.

களஆய்வுக்குப் போய் 200 வினாக்கொத்துகளோடு வந்தோம் என்று வையுங்கோ. எல்லாம் இலக்க ஒழுங்கில் இருக்கிறது. 1ஆம் இலக்கப் படிவம் மட்டும் ஆரோ ஒருவரின் பையில் கிடந்து, பிந்தி வந்து, கடைசியில் சேர்ந்துவிட்டது. முதலில் இதை எட்டுப் படிவத்தில் பார்ப்போம்:

2 3 4 5 6 7 8 1

குமிழி முறை பக்கத்துப் பக்கத்து இரண்டை ஒப்பிட்டு, ஒழுங்கு பிழையென்றால் இடம் மாற்றும். முதற் சுற்றில் ஏழு ஒப்பீடு. அதில் ஆறு வீண், கடைசியில் மட்டும் 8உம் 1உம் மாறும். அடுத்த சுற்றில் 1 இன்னும் ஒரேயொரு இடம் முன்னுக்கு வரும். சுற்றுக்கு ஒரு இடம்தான், ஆமை மாதிரி. “ஒரு சுற்றில் மாற்றமே இல்லையென்றால் நிறுத்து” என்ற கொடியைப் போட்டாலும் உதவாது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாற்றம் நடக்கிறதே. மொத்தம் 28 ஒப்பீடு, 7 இடமாற்றம்.

செருகல் முறை, கையில் சீட்டுக்கட்டு அடுக்குகிற மாதிரி. அடுத்த படிவத்தை எடுத்து, ஏற்கனவே அடுக்கினதன் வலப்பக்கத்தில் இருந்து இடம் தேடும். 3 முதல் 8 வரை ஆளுக்கொரு ஒப்பீடு, மொத்தம் ஆறு. 1 வந்ததும் ஏழு ஒப்பீடு, ஏழு நகர்த்தல். கூட்டினால் 13. அதோடு குமிழியின் ஒரு இடமாற்றத்துக்கு மூன்று எழுத்து வேலை. செருகலின் நகர்த்தலுக்கு ஒன்றுதான், எடுத்த படிவத்தைக் கையில் பிடித்து வைத்திருப்பதால்.

இதையே 200 படிவத்துக்குப் போட்டால் குமிழிக்கு 19,900 ஒப்பீடு, செருகலுக்கு 397. இதைத்தான் “என்ன பெரிய வித்தியாசம்” என்கிறோம்!

குமிழிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் மற்றப்பக்கத்தைக் காட்டுவார்கள்: 8 1 2 3 4 5 6 7. சரி, இங்கே 8 ஒரே சுற்றில் கடைசிக்கு ஓடிவிடும், அடுத்த சுற்றோடு முடியும், 13 ஒப்பீடு. ஆனால் செருகலுக்கும் இங்கே 13தான். அதாவது குமிழிக்கு நல்லகாலம் அடிக்கிற நாளில்தான் அது செருகலோடு சமமாக நிற்கிறது. நன்றாகக் கலைந்த கட்டென்றாலும் கதை மாறாது: 200 படிவத்துக்குச் செருகல் சராசரியாக 10,000 ஒப்பீட்டுக்குக் கிட்ட, குமிழி 19,900ஐ அண்டி.

தெரிவு முறையை நான் அவ்வளவு ஏச மாட்டன். அதுக்குக் கண் இல்லை என்பது உண்மை. அடுக்கின கட்டைக் குடுத்தாலும் கலைத்த கட்டைக் குடுத்தாலும் 19,900 ஒப்பீடுதான். ஆனால் இடமாற்றம் 199ஐத் தாண்டாது. 200உம் தலைகீழாக இருந்தால் வெறும் 100 இடமாற்றத்தில் முடித்துவிடும். மற்ற இரண்டும் 19,900 தடவை அசைக்கும். படிவத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு முழுப் பாரமான புத்தகப் பெட்டி என்று யோசியுங்கோ. லேபலை வாசிக்கிறது லேசு, தூக்கிறதுதான் நாரி முறியிற வேலை. அங்கே தெரிவுதான் கெட்டிக்காரன்.

ஆக, தெரிவுக்கு ஒரு இடம் இருக்கிறது. செருகலுக்கு இன்னும் பெரிய இடம். 2002இல் ரிம் பீற்றர்ஸ் பைதனுக்கு எழுதின ரிம்சோர்ட்கூடச் சின்னத் துண்டுகளைச் செருகல் முறையால்தான் அடுக்குகிறது. குமிழிக்கு? நல்ல பெயர் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. செருகலைப் பிழையாக எழுதியும் கெடுக்கலாம். இடம் கிடைத்த பிறகும் உள்வளையத்தை நிறுத்தாமல் இடதுபக்க முனைவரை ஓடவிடுகிற பிழை சாதாரணமாக நடக்கிறது. விடை சரியாகத்தான் வரும், அதனால் ஒருத்தருக்கும் தெரியாது. பிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஏற்கனவே அடுக்கின 200 இலக்கத்தைக் குடுத்து ஒப்பீடுகளை எண்ணுங்கோ. 199 வந்தால் அது செருகல். 19,900 வந்தால் நீங்கள் செருகலின் பெயரில் வேறெதையோ எழுதியிருக்கிறீர்கள்.

வினாத்தாள் போடுகிறவர்களிடம் கேட்கிறது இவ்வளவுதான்: “O எவ்வளவு” என்று கேட்கிறதை விட்டுவிட்டு, 2 3 4 5 6 7 8 1ஐக் குடுத்து எண்ணச் சொல்லுங்கோ.