ரவுட்டரில் மாறிப்போன எண்கள்

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை. கரண்ட் பில் கட்டவும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சில வாரங்களாகப் பக்கங்கள் திறக்க அரை நிமிடம் ஆனது. ஒரு தளத்தைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்து நின்றது. கடைக்காரர் கம்ப்யூட்டரை இரண்டு முறை ஃபார்மட் செய்தார், தீரவில்லை. ஒருநாள் அதே பக்கத்தைச் செல்போனில் மொபைல் டேட்டா போட்டுத் திறந்தார், உடனே வந்தது. வைஃபைக்கு மாற்றியதும் மறுபடி சூதாட்டம். கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, சுவரில் மாட்டியிருந்த ரவுட்டரில் இருந்தது.

நாம் தட்டும் தளத்தின் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். சர்வர். எந்த சர்வரிடம் கேட்க வேண்டும் என்பது ரவுட்டரில் பதிவாகியிருக்கும். அந்த எண்ணை மாற்றிவிட்டால், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் திருடனிடம் வழி கேட்கும். ஒரு பக்கம் திறக்கவே பல பெயர்களுக்கு வழி கேட்க வேண்டியிருக்கும். பதில் தருவது கடல் கடந்த, திணறும் சர்வர் என்றால் ஒவ்வொரு கேள்விக்கும் தாமதம்.

இது புதிதல்ல. 2014-இல் டீம் கம்ரி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு ரவுட்டர்களில் டி.என்.எஸ். எண்கள் 5.45.75.11, 5.45.75.36 என மாற்றப்பட்டிருப்பதைக் கண்டறிந்தது. மிகுதியாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பல ரவுட்டர்களில் rom-0 என்ற அமைப்புக் கோப்பை, பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடிந்தது. நிர்வாகி பாஸ்வேர்டு அதற்குள்ளேயே இருந்தது. உரிமையாளர் எதையும் தொடாமலே இது நடந்தது. மற்ற ரவுட்டர்களுக்கு இந்தச் சிரமமும் தேவையில்லை. மாட்டிவிட்டுப் போனவர் விட்டுச்சென்ற admin / admin போதும். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடம்கள் ஆயிரக்கணக்கில் முடங்கியபோதும் மாற்றப்படாத இதே பாஸ்வேர்டுதான் வழிவிட்டது.

சரிபார்க்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸில் கீழ்க்கண்டதைத் தட்டினால் DNS Servers என்ற வரி தெரியும்.

```
ipconfig /all
```

அங்கே 192.168.1.1 என்று இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். அது ரவுட்டரின் சொந்த எண்; ரவுட்டர் யாரிடம் கேட்கிறது என்பதை அது சொல்லாது. பிரவுசரில் அதே எண்ணைத் தட்டி உள்ளே போய், WAN, DHCP இரண்டு பகுதிகளிலும் DNS எண்களைப் பாருங்கள். நாகல் நகர் கடையில் முதல் எண் யாருக்கும் தெரியாதது, இரண்டாவது 8.8.8.8. அது கூகுளுடைய சர்வர். பழக்கமான எண்ணைப் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவர் சந்தேகப்பட மாட்டார் என்பது திருடனின் கணக்கு. எண்களைக் குறித்துக்கொண்டு, அவை உங்களுடையவையா என்று இணைப்பு தந்தவரிடம் கேளுங்கள்.

எண்ணை மட்டும் திருத்தினால் போதாது. கடைக்காரர் முதலில் அதைத்தான் செய்தார்; மூன்றாம் நாள் பழைய எண் திரும்பி வந்தது. திறந்த வாசல் திறந்தே இருந்ததுதான் காரணம்.

முதலில் PPPoE பெயர், பாஸ்வேர்டு, ஃபைபர் இணைப்பானால் VLAN எண் ஆகியவற்றைக் கேபிள்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இவை இல்லாமல் ரீசெட் செய்தால் இணைப்பே போய்விடும். பிறகு வெளியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்துங்கள். வயரை மாட்டும் முன்பே நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றி, Remote Management வசதியை அணைத்துவிடுங்கள். DNS தானாக வரட்டும், அல்லது 1.1.1.1, 9.9.9.9 என்று போடுங்கள். தயாரிப்பாளரின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தால் ஏற்றுங்கள். அப்டேட்டே வராத பழைய ரவுட்டரில் ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடைசியாகக் கம்ப்யூட்டரில்

```
ipconfig /flushdns
```

தட்டுங்கள், செல்போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். மறுபடியும் எண் மாறினால் வீட்டுக்குள் உள்ள ஏதோ ஒரு கருவியில் மால்வேர் இருக்கக்கூடும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.

அதுவரை வங்கித் தளத்தில் பாதுகாப்புச் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், தொடரவும் என்பதை அழுத்தவே கூடாது. போலிப் பக்கத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எச்சரிக்கை மட்டும்தான். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சின்னாளபட்டியிலும் வத்தலக்குண்டிலும் வேடசந்தூரிலும் ஃபைபர் இணைப்புத் தரும் ஆபரேட்டர்களிடம் ஒன்று கேட்கிறோம். மாட்டும் அன்றே பாஸ்வேர்டை மாற்றி, ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஏற்கெனவே மாட்டிய இணைப்புகளுக்கு, அடுத்த மாத வசூலுக்குப் போகும்போதே இதைச் செய்துவிட முடியும்.